இன்வெர்ட்டர், ஸ்ட்ரிங், எர்த்: சோலார் கையேட்டைத் தமிழாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கியது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்றானதும், மொட்டை மாடி சோலார் என்பது தொழிற்சாலைக் கூரைகளைத் தாண்டி சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிப் போகும் வடசென்னையிலும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டு ஒயரிங் பார்த்துவந்த எலக்ட்ரீஷியன்கள்தான். பேனலோடும் இன்வெர்ட்டரோடும் பெட்டிக்குள் வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் தர வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே உடனே வருகிற கேள்வி, “இன்வெர்ட்டருக்குத் தமிழில் என்ன, ஸ்ட்ரிங்குக்கு என்ன?” என்பதுதான். என் கருத்தில் இந்தக் கேள்வியே நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. தமிழில் சொல் இல்லாத இடத்தில் ஆபத்து குறைவு. தெரியாத சொல்லைப் பார்த்தால் எவரும் நின்று கேட்பார். எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்று கையேட்டில் வேறு பொருளோடு வந்து உட்காரும்போது யாரும் நிற்பதில்லை, கேட்பதும் இல்லை. தவறு அங்கேதான் நடக்கிறது. எனவே மொழிபெயர்ப்பவர் தன் உழைப்பைப் புதுச் சொல் செய்வதில் செலவழிப்பதைவிட, பழகிய சொல்லுக்குள் கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரித்து வைப்பதில் செலவழிக்க வேண்டும். இன்வெர்ட்டர், ஸ்ட்ரிங், எர்த் மூன்றையும் வைத்து இதைக் காட்ட முடியும்.

முதலில் இன்வெர்ட்டர். தமிழ்நாட்டில் இது புதுச் சொல்லே இல்லை. கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் ஓட வைக்கும், பேட்டரியோடு ஹாலின் மூலையில் இருக்கும் பெட்டிக்குப் பெயர் இன்வெர்ட்டர். பல வருட மின்வெட்டு அந்தப் பொருளை எல்லார் மனதிலும் பதித்துவிட்டது. மானியத் திட்டத்தில் பொதுவாகப் பொருத்தப்படும் ஆன்‑கிரிட் சோலார் இன்வெர்ட்டரோ இதற்கு நேரெதிராக நடந்துகொள்ளும். ஈ.பி. லைன் போன 2 வினாடிக்குள் அது தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. லைன் செத்துவிட்டது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். மாடியிலிருந்து மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போனால் அவர் உயிர் போகும். ஆங்கிலக் கையேடு இந்தப் பாதுகாப்பை ஒரே ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அதை எழுதியவர் மனதில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரிப் பெட்டி இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு அழகான தமிழ்ச் சொல் கண்டுபிடித்துப் போட்டாலும் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளில் மாடி நிறைய பேனல் வைத்திருக்கும் வீட்டுக்காரர், ஈ.பி. இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் ஓடும் என்றுதான் எதிர்பார்ப்பார். ஓடவில்லை என்றால் பழுது என்று நினைப்பார். யாரையாவது கூப்பிட்டு ‘சரிசெய்ய’ச் சொல்வார். கையேட்டின் தமிழ் முதல் பக்கத்திலேயே இப்படிச் சொல்ல வேண்டும்: “இது பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை. ஈ.பி. சப்ளை இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். கரண்ட் போனால் இதுவும் நிற்கும்; அது பழுதில்லை. சப்ளை வந்து சில நிமிடத்தில் தானே மறுபடி தொடங்கும்.” ஆங்கில மூலத்தில் இந்த வரிகள் இல்லாமல் இருக்கலாம். தமிழில் இல்லாமல் முடியாது.

அடுத்தது ஸ்ட்ரிங். பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் சேர்த்துக் கட்டினால் அந்த வரிசை ஒரு ஸ்ட்ரிங். 540 வாட் பேனல் ஒன்றில், எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தாலே, ஏறக்குறைய 50 வோல்ட் இருக்கும். ஆறு பேனல் சேர்ந்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல், வோல்டேஜ் 300. எலக்ட்ரீஷியனிடம் இதை விளக்கினால் “ஓ, சீரியல் கனெக்‌ஷனா” என்பார். சரிதான். ஆனால் சீரியல் என்றதும் அவர் கைக்குப் பழகியது, திருவிழாவுக்குத் திருவொற்றியூர்த் தேரடியில் தொங்கவிடும் சீரியல் செட். அதில் மின்சாரம் ஒரு முனையிலிருந்து வருகிறது. பிளக்கைப் பிடுங்கினால் மொத்தச் சரமும் செத்துவிடும், எங்கே வேண்டுமானாலும் தொடலாம். சோலார் ஸ்ட்ரிங்கில் பிளக் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பேனலும் ஒரு மின்மூலம். நடுவில் எங்கே பிரித்தாலும் ஒவ்வொரு துண்டிலும் அதனதன் பேனல்கள் வோல்டேஜைத் தந்துகொண்டேதான் இருக்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க வழியில்லை.

இங்கேதான் தமிழில் மிகவும் பழகிய ஒரு சொல் வந்து குறுக்கே நிற்கிறது: கரண்ட். ஆங்கிலக் கையேட்டில், டி.சி. ஐசொலேட்டரைத் திறந்துவிட்டால் ஸ்ட்ரிங்கில் மின்னோட்டம் ஓடாது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அதைப் படிப்பவர்களுக்குப் புரியட்டும் என்று நல்லெண்ணத்தோடு “ஐசொலேட்டரை ஆஃப் செய்தால் ஸ்ட்ரிங்கில் கரண்ட் இருக்காது” என்று எழுதிவிடலாம். அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் நம் பேச்சில் கரண்ட் என்பது ஓட்டமும்தான், அழுத்தமும்தான், சப்ளையும்தான். “கரண்ட் இல்லை” என்றால் தொடலாம் என்று பொருள். அந்த நேரத்தில் அந்த ஸ்ட்ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் 300 வோல்ட் நிற்கிறது. ஓட்டம் இல்லை, ஏனென்றால் ஓட வழி இல்லை. இரண்டு கையாலும் இரண்டு முனையைத் தொடுகிறவர் அந்த வழியாகிவிடுவார். ஆகவே இந்த இடத்தில் பேச்சுச் சொல்லை விட்டுவிட்டு, பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் எல்லாரும் படித்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும்: “மின்னோட்டம் நின்றுவிடும். மின்னழுத்தம் முழுவதும் இருக்கும். வெயில் உள்ளவரை ஸ்ட்ரிங் ஒயரின் முனையைத் தொடக் கூடாது.” வோல்டேஜ் என்று எழுதினாலும் சரி. கரண்ட் என்ற சொல் மட்டும் இந்தக் கையேட்டின் டி.சி. பகுதியில் எங்கும் வரக் கூடாது.

இதே வரிசையில் இன்னொன்று. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிரிக்காதே என்று கையேடு சொல்லும். வீட்டு ஒயரிங்கில் பழகியவருக்கு, ஓடுகிற ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினால் சின்னப் பொறி வந்து அடங்கிவிடும் என்பது அனுபவம். ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அந்தப் பொறி தானே அணைகிறது. டி.சி.யில் பூஜ்யம் என்ற இடமே வராது. 13 ஆம்பியர் ஓடும் கனெக்டரைப் பிரித்தால் எழும் நெருப்பு, இடைவெளி போதுமான அளவு பெரிதாகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். கனெக்டர் உருகும், கை வெந்துபோகும். “பிரிக்காதே” என்று மட்டும் மொழிபெயர்த்தால் அது எல்லாக் கையேட்டிலும் இருக்கும் வழக்கமான எச்சரிக்கையாகக் கேட்கும். “முதலில் இன்வெர்ட்டரின் ஏ.சி. பிரேக்கர், அடுத்து டி.சி. ஐசொலேட்டர், அதன்பிறகே கனெக்டர்” என்று வரிசையோடும், பொறி ஏன் அணையாது என்ற ஒரு வரிக் காரணத்தோடும் எழுதினால் கை நிற்கும்.

இப்போது எர்த். என் வாதத்துக்கு மிக வலுவான சான்று இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இன்று வீடுகளில் பொருத்தப்படும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. அவற்றோடு சேரும் ஸ்ட்ரிங்கின் பிளஸ், மைனஸ் இரண்டையும் எர்த்தில் கட்டக் கூடாது. இரண்டும் மிதந்தபடி இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை எர்த் செய்யப்படாத பேனல் வரிசை என்று ஒரே தொடரில் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் தமிழில் “இந்த அமைப்பில் பேனல்களுக்கு எர்த் கிடையாது” என்று வந்துவிட்டால், படிப்பவர் என்ன செய்வார்? எர்த் என்றால் நம் ஊரில் உடம்புக்குப் போடுவது. கிரைண்டர் பாடி, மோட்டார் பாடி, ஃபிரிட்ஜ் பாடி. ஆகவே பேனலின் அலுமினிய ஃபிரேமுக்கும், அதைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சருக்கும் எர்த் வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். அது நேர் தலைகீழான பொருள். ஃபிரேமும் ஸ்ட்ரக்சரும் கட்டாயம் எர்த் செய்யப்பட வேண்டியவை. ஆங்கில மூலத்தில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க வழக்கு ஒரு சொல், பிரிட்டிஷ் வழக்கு இன்னொரு சொல் என்று ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்தும் கிடக்கும். தமிழில் இதை இரண்டு வாக்கியமாக உடைக்காமல் தீராது: “பேனலிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் ஒயர்கள் எதையும் எர்த்தில் கட்டக் கூடாது. பேனல் ஃபிரேமையும் ஸ்ட்ரக்சரையும் கட்டாயம் எர்த்தில் கட்ட வேண்டும்.”

இந்தக் குழப்பம் உண்மையில் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு பழுதை வைத்துப் பார்க்கலாம். கடலோரத்தில் அடிக்கடி வரக்கூடிய பழுதுதான். காசிமேட்டுப் பக்கம் ஒரு மாடி. ஆறு பேனல், ஒரு ஸ்ட்ரிங். இரண்டாவது பேனலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் உள்ள கனெக்டர் சரியாகக் கிரிம்ப் ஆகாமல், டை அறுந்து, ஸ்ட்ரக்சர் மேல் கிடக்கிறது. உப்புக் காற்றும், இரவுப் பனியும், துறைமுகத்துத் தூசியும் அதற்குள் போய் ஈரப் படலமாகப் படிகின்றன. ஈரம் வழியாக ஸ்ட்ரிங் ஸ்ட்ரக்சருக்குக் கசிகிறது. இன்வெர்ட்டர் ஒவ்வொரு காலையும் வேலை தொடங்கும் முன், ஸ்ட்ரிங்குக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷனை அளந்து பார்க்கும். ஸ்ட்ரக்சர் எர்த்தில் இருந்தால் இந்தக் கசிவு அளவில் தெரிந்துவிடும். திரையில் `PV ISO Low` அல்லது `ISO Fault` போன்ற ஒரு செய்தி வரும், இன்வெர்ட்டர் தொடங்க மறுக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் செய்தி மறைந்து ஓடத் தொடங்கும். காலையில் மட்டும், மழைக்கு மறுநாள் மட்டும் இந்தச் செய்தி வருகிறது என்றால் இப்படி ஒரு ஈரக் கசிவுதான் முதல் சந்தேகம்.

கசிவு எந்த இடத்தில் என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். 1000 வோல்ட் டி.சி. தாங்கும் மீட்டர், இன்சுலேட்டட் கையுறை இரண்டும் வேண்டும். ஏ.சி. பிரேக்கரையும் டி.சி. ஐசொலேட்டரையும் ஆஃப் செய்து, இன்வெர்ட்டருக்குள் தேங்கிய மின்சாரம் வடிய கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஸ்ட்ரிங்கை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு மூன்று அளவு எடுக்க வேண்டும். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 300. பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் 200. மைனஸுக்கும் எர்த்துக்கும் கழித்தல் 100. ஒரு பேனலுக்கு 50 என்று வைத்தால், மைனஸ் முனையிலிருந்து இரண்டு பேனல் தள்ளித்தான் ஸ்ட்ரிங் எர்த்தைத் தொடுகிறது. நேராக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள கனெக்டருக்குப் போகலாம். கசிவு இல்லாத ஸ்ட்ரிங்கில் எர்த்தோடு எடுக்கும் இரண்டு அளவும் நிலையாக நிற்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடும். இந்தப் பகுதியை மொழிபெயர்க்கும்போது “தரையைப் பொறுத்து அளக்கவும்” என்று எழுதினால் ஒரு பிராபை மாடித் தளத்தில் வைத்து அளக்கத் தோன்றும். “ஒரு பிராபை எர்த் கம்பியில் வைக்கவும்” என்பதுதான் செய்கிறவருக்கு வேண்டிய வாக்கியம். கழித்தல் குறியையும் விடக் கூடாது. எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதே அதில்தான் இருக்கிறது.

இதே மாடியில், மேலே சொன்ன தவறான வாக்கியத்தை நம்பி ஸ்ட்ரக்சருக்கு எர்த் போடாமல் விட்டிருந்தால் என்ன நடக்கும்? கசிவு ஸ்ட்ரக்சரோடு நின்றுவிடும். எர்த்துக்கு வழி இல்லாததால் இன்வெர்ட்டரின் காலைச் சோதனையில் எல்லாம் சரி என்றே வரும். திரையில் எந்தச் செய்தியும் இல்லை, யூனிட்டும் குறையவில்லை. பேனல் கழுவ ஈரத் தளத்தில் நின்று ஃபிரேமைத் தொடுகிறவர்தான் எர்த்துக்கான முதல் வழியாக அமைவார். இன்னொன்றும் உண்டு. நம் எலக்ட்ரீஷியன்களின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டர், எர்த்தைச் சார்ந்துதான் எரியும். மிதக்கும் ஸ்ட்ரிங்கில் ஒரு முனையை அதால் தொட்டால் எரியாமல் போகலாம். அதை நம்பி இரண்டு முனையையும் பிடித்தால் 300 வோல்ட். “எர்த் செய்யப்படாத” என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும்போது, அதற்கு இணையான ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதில் என்ன பயன்?

எர்த் போடுவதிலும் இதே சிக்கல் தொடர்கிறது. ஃபிரேமோடு எர்த் ஒயரை நன்றாக இணைக்கவும் என்று கையேடு சொல்லும். நன்றாக இணைப்பது என்றால் நமக்கு இறுக்கமாக முடுக்குவது. அலுமினிய ஃபிரேமின் மேல் அரிப்பு வராமலிருக்க ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றியிருப்பார்கள். அதில் மின்சாரம் போகாது. எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் படலத்தின் மேல்தான் இறுக்குகிறோம். பல் வைத்த ஸ்டார் வாஷரோ, அதற்கென்றே வரும் எர்த்திங் கிளிப்போ படலத்தைக் கீறி உலோகத்தைத் தொட வேண்டும். செம்பு லக்கை அலுமினியத்தின் மேல் நேரடியாக வைத்தால், எண்ணூர் உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் சேரும் இடம் அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும். நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷரோ பைமெட்டல் லக்கோ வேண்டும். முடித்ததும் ஒரு ஃபிரேமிலிருந்து எர்த் கம்பிவரை மீட்டரில் அளந்தால் தடை கிட்டத்தட்ட இல்லாமல் இருக்க வேண்டும். இறுக்கம் கண்ணுக்குத் தெரியும், இணைப்பு மீட்டருக்குத்தான் தெரியும் என்பதைத் தமிழ் வாக்கியம் சொல்ல வேண்டும்.

இதற்கு வரக்கூடிய எதிர்வாதங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, “இப்படி எல்லாவற்றையும் இன்வெர்ட்டர், ஸ்ட்ரிங், எர்த் என்றே வைத்துவிட்டால் தமிழ் எப்படி வளரும்?” நியாயமான கவலை. ஆனால் இன்வெர்ட்டரின் மேலும், வரைபடத்திலும், ஐசொலேட்டர் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயர் அதுதான். கையேட்டில் வேறு பெயர் இருந்தால் வேலை செய்கிறவர் இரண்டையும் மனதுக்குள் பொருத்திப் பார்க்க வேண்டும். கருவி கையில் இருக்கும்போது அது ஒரு கூடுதல் ஆபத்து. அதே நேரத்தில், மின்னோட்டம், மின்னழுத்தம் என்ற தமிழ்ச் சொற்கள் இந்தக் கையேட்டில் பேச்சுச் சொல்லைவிடத் துல்லியமாக வேலை செய்வதை மேலே பார்த்தோம். பேச்சில் கலந்து கிடப்பதை எங்கே ஒரு தமிழ்ச் சொல் பிரித்துக் காட்டுகிறதோ அங்கே அது வர வேண்டும். உண்மையான தேவையோடு வரும் சொல்தான் பழக்கத்திலும் நிற்கும்.

இரண்டாவது, “படம் போட்டால் போதாதா?” எர்த் ஒயர் எங்கே, ஸ்டார் வாஷர் எந்தப் பக்கம் என்பதற்குப் படம் வாக்கியத்தைவிட நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் மின்னோட்டம் இல்லாத ஒயரையும் மின்னழுத்தம் இல்லாத ஒயரையும் படத்தில் எப்படி வேறுபடுத்துவது? இரண்டும் ஒரே கறுப்புக் கோடுதான். “காலையில் மட்டும் வந்து மறையும் செய்தி” என்பதையும் படம் சொல்லாது. இல்லாததையும், எப்போது என்பதையும் சொல்ல வாக்கியம்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: “மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பவர் சேர்க்கலாமா? கம்பெனி பொறுப்பேற்குமா?” அளவையோ, இறுக்கும் விசையையோ, ஒயர் கனத்தையோ மொழிபெயர்ப்பவர் தொடக் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை, அங்கே மூலமும், இந்தியாவில் எர்த்திங்குக்கு உள்ள ஐ.எஸ். 3043 நெறிமுறையும்தான் சட்டம். ஆனால் “இது பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை” என்பது புதுத் தகவல் கிடையாது. மூலத்தை எழுதியவர் தன் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணி விட்டதை, அது தெரியாத வாசகருக்குச் சேர்த்துத் தருகிறோம். அப்படிச் சேர்த்த வரிகளைத் தனியாகக் குறியிட்டு, கையேட்டுக்குப் பொறுப்பான பொறியாளர் ஒப்பிய பிறகே அச்சுக்கு அனுப்பலாம். விட்டுவிட்டால் வாக்கியம் மூலத்துக்கு உண்மையாக இருக்கும், படிப்பவர் புரிந்துகொள்வது பொய்யாக இருக்கும்.

ஆகவே ஒரு தமிழ்க் கையேடு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அதில் எத்தனை சொல் தமிழ் என்று எண்ணத் தேவையில்லை. சோலார் வேலை இதுவரை செய்யாத, ஒயரிங் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும். ஈ.பி. போனால் வீட்டில் லைட் எரியுமா? ஐசொலேட்டரை ஆஃப் செய்த பிறகு பகலில் பேனல் ஒயரின் முனையைத் தொடலாமா? இந்த இன்வெர்ட்டரோடு எதை எர்த்தில் கட்ட வேண்டும், எதைக் கட்டக் கூடாது? எரியாது, தொடக் கூடாது, ஃபிரேமையும் ஸ்ட்ரக்சரையும் கட்ட வேண்டும், பிளஸ் மைனஸைக் கட்டக் கூடாது என்று தயங்காமல் பதில் வந்தால் அந்தக் கையேட்டை அச்சுக்கு அனுப்பலாம். ஒரு பதில் பிசகினாலும் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.